"99% துல்லியம்" என்றால் என்ன? என்ஐபிடி ரிப்போர்ட் பற்றிய கேள்வி பதில்

கேள்வி: எனக்கு 25 வயது, முதல் குழந்தை. 11வது வாரத்தில் என் ரத்தத்தில் குழந்தையின் டிஎன்ஏவைப் பார்க்கும் என்ஐபிடி டெஸ்ட் எடுத்ததில் டவுன் சிண்ட்ரோமுக்கு "ஹை ரிஸ்க்" என்று வந்துவிட்டது. டெஸ்ட் 99% சரியாக இருக்கும் என்றார்கள். அப்போ குழந்தைக்கு 99% இருக்குன்னுதானே அர்த்தம்?

இல்லைம்மா. டவுன் உள்ள 100 கருக்களில் இந்த டெஸ்ட் 99ஐப் பிடித்துவிடும் என்பதுதான் அந்த 99. உங்கள் கேள்வி அதற்குத் தலைகீழ்: டெஸ்ட் பிடித்த 100 பேரில் எத்தனை பேருக்கு உண்மையிலேயே இருக்கிறது? அதற்கு இன்னும் இரண்டு எண்கள் வேண்டும்.

25 வயதில் டவுன் வாய்ப்பு சுமார் 1,250க்கு ஒன்று. டவுன் இல்லாத 1,000 பேரில் ஏறக்குறைய ஒருவருக்கு இந்த டெஸ்ட் தவறாக "ஹை ரிஸ்க்" சொல்லும் என்று வைத்துக்கொள்வோம். இனி ஆட்களை எண்ணலாம். உங்கள் வயதில் 1,25,000 கர்ப்பிணிகள் டெஸ்ட் எடுக்கிறார்கள். அவர்களில் 100 பேரின் கருவுக்கு டவுன் இருக்கும், 99 பேர் பிடிபடுவார்கள். மீதி 1,24,900 பேருக்கு டவுன் இல்லை, ஆனால் ஆயிரத்துக்கு ஒன்று என்ற கணக்கில் சுமார் 125 பேருக்குத் தவறாக மணி அடிக்கும். ஆக, கையில் "ஹை ரிஸ்க்" தாளோடு நிற்பவர்கள் 224 பேர். அவர்களில் உண்மையாக இருப்பது 99 பேருக்கு, அதாவது 44%.

டெஸ்டுக்கு முன் 0.08% ஆக இருந்தது 44% ஆகியிருக்கிறது. பெரிய தாவல்தான், அலட்சியப்படுத்த முடியாது. அதற்காக முடிவான பதிலும் இல்லை. அடுத்தது அம்னியோசென்டெசிஸ், அதாவது வயிற்றில் ஊசி போட்டுப் பனிக்குட நீரை எடுத்துப் பார்க்கும் டெஸ்ட். அதன் ரிசல்ட் வரும் முன் கர்ப்பத்தைப் பற்றி எந்த முடிவும் எடுக்காதீர்கள்.

கேள்வி: என் அக்காவுக்கு 40 வயது. அதே லேப், அதே "ஹை ரிஸ்க்". அவளுக்கும் 44 தானா?

இல்லை, சுமார் 91. டெஸ்ட் அதேதான், தொடங்கிய இடம் வேறு. 40 வயதில் டவுன் வாய்ப்பு சுமார் 100க்கு ஒன்று. ஒரு லட்சம் பேரில் 1,000 பேருக்கு இருக்கும், 990 பேர் பிடிபடுவார்கள். தவறாக மணி அடிப்பது 99 பேருக்குத்தான். 1,089ல் 990. அக்காவும் உறுதி செய்துகொள்ளத்தான் வேண்டும், ஆனால் எதை எதிர்பார்த்துப் போகிறோம் என்பது வேறாகிவிடுகிறது.

கேள்வி: 44% டவுன் என்றால் பாதிக்கும் குறைவாகத்தானே பாதித்திருக்கிறது? அப்போ குழந்தை ஓரளவு நார்மலாக இருக்குமா சார்?

அப்படி எடுத்துக்கொள்ளக் கூடாது. குழந்தையின் செல்களில் 21வது குரோமோசோம் மூன்று இருக்கும், அல்லது இருக்காது (கலப்பாக இருப்பது அபூர்வம்). 44 என்பது நோயின் அளவு அல்ல. இதே ரிப்போர்ட் வாங்கிய 100 பேரில் 44 பேருக்கு இருக்கும் என்ற எண்ணிக்கை மட்டுமே.

கேள்வி: எதற்கு ஊசி? என்ஐபிடியையே இன்னொரு தடவை எடுத்தால் போதாதா? இரண்டு தடவையும் ஹை ரிஸ்க் வந்தால் கணக்குப்படி 99.9% ஆகிவிடுமே.

கணக்கு சரி, அது நிற்கும் தரைதான் சரியில்லை. முதல் தடவை நடந்த தவறு தற்செயலானது என்றால்தான் இரண்டாவது தடவைக்கு அந்த பலம். இங்கே தவறுக்குக் காரணம் பெரும்பாலும் உடம்பிலேயே இருக்கிறது.

அம்மாவின் ரத்தத்தில் கிடைக்கும் "குழந்தையின்" டிஎன்ஏ உண்மையில் நஞ்சுக்கொடியிலிருந்து வருவது. சில கர்ப்பங்களில் நஞ்சுக்கொடியின் செல்களில் மட்டும் மூன்றாவது குரோமோசோம் இருக்கும், குழந்தைக்கு இருக்காது. தொடக்கத்தில் இரட்டையாக இருந்து ஒன்று கரைந்துபோயிருந்தால், அதன் டிஎன்ஏவும் சில வாரங்கள் சுற்றிக்கொண்டிருக்கலாம். எத்தனை தடவை ரத்தம் எடுத்தாலும் அதே நஞ்சுக்கொடி அதே பொய்யைச் சொல்லும். சாட்சி ஒருவர்தான், இரண்டு தடவை பேசுகிறார்.

நஞ்சுக்கொடியிலிருந்தே திசு எடுக்கும் சிவிஎஸ்ஸிலும் இதே சிக்கல் வரலாம். 15 வாரம் முடிந்தபின் பனிக்குட நீரை எடுத்துப் பார்க்கும்போதுதான் குழந்தையின் சொந்த செல்கள் கிடைக்கின்றன.

கேள்வி: கணித ஆசிரியர். ஒவ்வொரு தடவையும் லட்சம் பேரை வரிசையில் நிற்க வைக்காமல் சுருக்கமாகச் செய்ய வழி உண்டா?

உண்டு. சதவீதத்தை விட்டு, "இருப்பவர் : இல்லாதவர்" என்ற விகிதத்துக்கு வந்துவிடுங்கள். ஹை ரிஸ்க் ரிசல்ட்டின் எடை 99% ÷ 0.1% = 990. பழைய விகிதத்தை அதால் பெருக்கினால் போதும்.

```
1 : 1249  × 990  →  990 : 1249
990 / (990 + 1249) = 44%
```

"லோ ரிஸ்க்" வந்தால் எடை 1% ÷ 99.9%, ஏறக்குறைய நூறில் ஒன்று.

கேள்வி: வயது 38. டபுள் மார்க்கரில் 1:180 வந்தது. பயந்துபோய் என்ஐபிடி எடுத்தோம், லோ ரிஸ்க். ஆனாலும் 38 வயது ஆகிறதே, அதையும் சேர்த்துப் பார்க்க வேண்டாமா?

வேண்டாம். வயது ஏற்கனவே அந்த 180க்குள் இருக்கிறது. லேபின் சாஃப்ட்வேர் உங்கள் வயதின் வாய்ப்பில்தான் தொடங்குகிறது. பிறகு என்டி ஸ்கேனில் கழுத்துப் பின்பக்க நீரின் அளவு, ரத்தத்தில் PAPP-A, ஃப்ரீ பீட்டா hCG ஆகியவற்றின் எடைகளால் ஒவ்வொன்றாகப் பெருக்கி வருகிறது. மறுபடி வயதைப் போட்டால் ஒரே ஆதாரத்தை இரண்டு தடவை எண்ணியதாகிவிடும்.

உங்களுக்குத் தொடக்கம் 1:180. லோ ரிஸ்க் அதை நூறில் ஒன்றாக்குகிறது, ஆக சுமார் 18,000க்கு ஒன்று. சேம்பிள் ஃபார்மில் பிறந்த தேதி தவறாக ஏறியிருந்தால் தொடக்கமே தவறு, அதை மட்டும் ஒரு முறை சரிபாருங்கள்.

கேள்வி: முதல் கேள்வி கேட்டவள்தான். ஊசி போடப் பயம். ஐந்தாம் மாத ஸ்கேன் நார்மலாக இருந்தால் விட்டுவிடலாமா?

எண்ணிப் பார்ப்போம். டவுன் உள்ள கருக்களில் கிட்டத்தட்ட பாதிக்கு இதயக் கோளாறு இருக்கும், மீதியில் பல ஸ்கேனில் சாதாரணமாகவே தெரியும். அதனால் உள்ளவர்களில் 50%, இல்லாதவர்களில் 90% "நார்மல் ஸ்கேன்" வாங்குவார்கள் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் 224 பேரில் 99 பேர் சுமார் 50 ஆவார்கள், 125 பேர் சுமார் 112 ஆவார்கள். 162ல் 50, அதாவது 31%.

ஸ்கேன் ஆறுதல் தருகிறது, ஆனால் 44ஐ 31 ஆக்கும் அளவுக்குத்தான். ஊசி போடுவதா வேண்டாமா என்பது உங்கள் முடிவு. நார்மல் ஸ்கேனை "இல்லை" என்ற பதிலாக மட்டும் படிக்காதீர்கள்.

கேள்வி: லேபில் வேலை செய்கிறேன். எல்லா "ஹை ரிஸ்க்"குக்கும் ஒரே 990ஐப் போடுகிறீர்களே. z ஸ்கோர் 3.2 வந்தவரும் 15 வந்தவரும் ஒன்றா?

ஒன்றல்ல, நீங்கள் சொல்வதுதான் சரி. 21வது குரோமோசோமின் டிஎன்ஏ வழக்கத்தைவிட எவ்வளவு விலகி நிற்கிறது என்று காட்டும் எண்தான் z ஸ்கோர். பல லேப்களில் 3ஐத் தாண்டினாலே ஹை ரிஸ்க். கோட்டை ஒட்டி விழுந்த 3.2ன் எடை 990ஐவிட நிச்சயம் குறைவு, 15ன் எடை அதிகம். குழந்தை டிஎன்ஏவின் பங்கு 4% அளவில் குறைவாக இருந்தால் குழந்தைக்கு உண்மையிலேயே மூன்றாவது குரோமோசோம் இருந்தாலும்கூட 3.2ஆகத் தெரியலாம் என்பது இன்னொரு சிக்கல். அதனால் ஸ்கோரையும் பங்கையும் சேர்த்தேதான் படிக்க வேண்டும்.

எவ்வளவு குறைவு என்பதற்கு எல்லா லேபுக்கும் பொதுவான அட்டவணை போட முடியாது. கருவியும் கணக்கிடும் முறையும் லேபுக்கு லேப் மாறுகின்றன. உங்கள் லேபில் 3க்கும் 5க்கும் இடையே விழுந்தவர்களின் அம்னியோ முடிவுகளைத் தனியே தொகுத்திருக்கிறார்களா? அந்த எண் கிடைத்தால், முதல் கேள்வி கேட்டவரின் 44ஐவிட நம்பகமான ஒன்றைச் சொல்ல முடியும்.