ஒருவழி ஸ்லாபா, இருவழி ஸ்லாபா: விகிதத்துக்கு முன் தாங்கும் பக்கங்களைப் பாருங்கள்

கேள்வி: எங்கள் கூடம் 3.6 மீட்டருக்கு 4.8 மீட்டர். நீள அகல விகிதம் 2-க்குள் இருப்பதால் இது டூவே ஸ்லாப் என்கிறார் மேஸ்திரி. ஆனால் 4.8 மீட்டர் நீளமுள்ள இரண்டு பக்கங்களும் சுவரோ பீமோ இல்லாமல் திறந்தே இருக்கின்றன. ஸ்லாப் அங்கேயே முடிகிறது. எதை நம்புவது?

பதில்: இது ஒருவழி ஸ்லாப்தான். அதிலும், நீளமான திசையில் பாரத்தைக் கொண்டுசெல்லும் ஒருவழி ஸ்லாப். 2 என்ற விகிதக் கணக்கு, நான்கு பக்கங்களிலும் தாங்கப்பட்ட ஸ்லாபுக்கு மட்டுமே பொருந்தும். எதிரெதிரான இரண்டு பக்கங்களில் மட்டும் சுவர் இருந்தால், கூடம் சரிசதுரமாகவே இருந்தாலும் பாரம் அந்த இரண்டு சுவர்களுக்குத்தான் போகும். வேறு போக்கிடம் அதற்கு இல்லை.

அந்த விகிதம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் குழப்பம் நீங்கும். நான்கு பக்கமும் தாங்கப்பட்ட ஸ்லாபின் நடுவில், குறுக்கும் நெடுக்குமாக ஒரு மீட்டர் அகலமுள்ள இரண்டு பட்டைகள் சந்திப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். சந்திக்கும் இடம் ஒன்றே என்பதால் இரண்டும் ஒரே அளவுதான் தொய்ய முடியும். தொய்வோ நீளத்தின் நான்காம் படிக்கு ஏற்பக் கூடுவது. ஆகவே குட்டையான பட்டை விறைப்பாக நின்று பெரும்பங்கு பாரத்தை ஏற்றுக்கொள்கிறது. உங்கள் அளவில் விகிதம் 1.33, அதன் நான்காம் படி ஏறக்குறைய 3.16. அதாவது நான்கு பக்கமும் தாங்கல் இருந்திருந்தால் 3.6 மீட்டர் திசை 76 விழுக்காடும், 4.8 மீட்டர் திசை 24 விழுக்காடும் சுமந்திருக்கும். விகிதம் 2 ஆகும்போது பங்கு 16-க்கு 1 ஆகிவிடுவதால், நீளத் திசையின் பங்கைக் கணக்கில் எடுக்காமல் ஒருவழி என்று வைத்துக்கொள்கிறோம். 2 என்பது கணக்கின் வசதிக்காக வைத்த எல்லை. அதைத் தாண்டியதும் ஸ்லாபின் குணம் சட்டென்று மாறிவிடுவதில்லை.

இப்போது மேஸ்திரி சொல்வதுபோல் கம்பி கட்டினால் என்ன ஆகும் என்று பார்ப்போம். தன் எடையையும் சேர்த்துச் சதுர மீட்டருக்கு 10 கிலோநியூட்டன் பாரம் என்று கொள்வோம். இருவழிக் கணக்குப்படி நீளத் திசைக்கு வருவது 2.4 கிலோநியூட்டன், ஸ்லாப் சுவர்மேல் வெறுமனே அமர்ந்திருக்கும் நிலையில், wl²/8 சூத்திரத்தின்படி அதன் வளைவுத் திருப்பம் மீட்டர் அகலத்துக்கு ஏறக்குறைய 6.9 கிலோநியூட்டன் மீட்டர். ஆனால் உங்கள் கூடத்தில் முழு 10 கிலோநியூட்டனும் அந்தத் திசையில்தான் போகிறது. உண்மையான திருப்பம் 28.8. நீளத் திசைக் கம்பி, தேவையில் நான்கில் ஒரு பங்கைத் தாங்குவதற்கே போடப்பட்டிருக்கும். கனமாகப் போட்ட 3.6 மீட்டர் கம்பிகளோ இரு முனையிலும் பிடிப்பில்லாத திறந்த ஓரங்களில் போய் முடியும், அவற்றால் பயனில்லை.

கனமும் இதோடு சேர்ந்தது. 3.6 மீட்டர் இருவழி ஸ்லாபுக்கு 125 மி.மீ. என்று முடிவு செய்திருக்கலாம். 4.8 மீட்டரை ஒரே திசையில் தாண்டும் ஸ்லாபுக்கு, நீளத்தில் 20-ல் ஒரு பங்கு, அதாவது 240 மி.மீ. என்று தொடங்கித்தான் கணக்குப் போட வேண்டும். அவ்வளவு கனமான ஸ்லாபைவிட, திறந்த பக்கங்கள் இரண்டிலும் பீம் போட்டு உண்மையிலேயே இருவழி ஸ்லாபாக மாற்றிக்கொள்வதையே நான் பரிந்துரைப்பேன்.

அந்த பீம் ஸ்லாபுக்குக் கீழே இறங்கி நிற்க வேண்டும். ஸ்லாபின் கனத்துக்குள்ளேயே மறைத்துக் கட்டும் கன்சீல்டு பீமைத் தாங்கலாக எண்ணக் கூடாது. விறைப்பு ஆழத்தின் மூன்றாம் படிக்கு ஏற்பக் கூடுவதால், ஒரே அகலத்தில் 450 மி.மீ. ஆழ பீம், 125 மி.மீ. பட்டையைப்போல் ஏறக்குறைய 47 மடங்கு விறைப்பானது. மறைந்த பட்டை ஸ்லாபோடு சேர்ந்து தானும் தொய்யும், தாங்காது. வரைபடத்தில் சுவராகத் தெரிவதெல்லாமும் தாங்கலாகிவிடாது. ஸ்லாப் போட்ட பிறகு எழுப்பப்போகும் தடுப்புச் சுவரைத் தாங்கலாக எண்ணிக் கம்பி கட்டிய ஒரு தளத்தில், கான்கிரீட் ஊற்றுவதற்கு முந்தைய நாள் வேலையை நிறுத்தச் சொல்ல நேர்ந்தது.

ஒரே ஒரு நீளப் பக்கம் மட்டும் திறந்திருந்தால் அது வேறு கணக்கு. மூன்று பக்கத் தாங்கல் உள்ள அந்த ஸ்லாபில் பாரம் இரு திசையிலும் போகும். ஆயினும் நான்கு பக்கத்துக்கான குணகங்கள் அதற்குப் பொருந்தா. திறந்த ஓரத்தை ஒட்டி, அதற்கு இணையாகக் கம்பியை நெருக்கிப் போட வேண்டியிருக்கும்.

கான்கிரீட் ஊற்றும் முன் சென்ட்ரிங் பலகைமேல் நின்று, அடி அடுக்கில் எந்தத் திசைக் கம்பி கிடக்கிறது என்று பாருங்கள். பீம் இல்லாமலே தொடர்வதாக முடிவு செய்தால், சுவருக்குச் சுவர் ஓடும் 4.8 மீட்டர் கம்பிதான் கனமாகவும் நெருக்கமாகவும் அடியில் கிடக்க வேண்டும். இரு பக்கமும் பீம் வந்துவிட்டால், 3.6 மீட்டர் கம்பி அடிக்குப் போகும், 4.8 மீட்டர் கம்பி அதன்மேல் அமரும்.