கோகுலாஷ்டமி கேள்வி பதில்: மாவுப் பாதம், நடுநிசி பூஜை, குழந்தைக்கு வேஷம்

தாம்பரம் வாசகி: மாமி, எங்க வீட்டுல வெள்ளை டைல்ஸ். போன வருஷம் அரிசிமாவுல பாதம் வெச்சேன், தெரியவே இல்லை. மேல மேல வெச்சேன். சாயங்காலத்துக்குள்ள செதில் செதிலா உரிஞ்சு வந்துடுச்சு. என்ன தப்பு பண்ணேன்?

மேல மேல வைத்ததுதான் தப்பு. அரைத்த மாவு ஈரமாக இருக்கிற வரைக்கும் வெளுப்பு காட்டாது. வைத்துவிட்டு ஒரு கால் மணி நேரம் மின்விசிறியைப் போட்டு அப்படியே விடுங்கள், தானாகப் பளிச்சென்று வரும். அதற்குள் அவசரப்பட்டு இரண்டாவது தடவை வைத்தால் மாவு தடிமனாகிவிடும். காயும்போது சுருங்கி, விளிம்பு தூக்கிக்கொண்டு உரிந்துவிடும். சிமெண்டுத் தரையாவது கொஞ்சம் பிடித்துக்கொள்ளும், வழவழ டைல்ஸ் பிடிக்காது.

ஒரு டம்ளர் பச்சரிசியை இரண்டு மணி நேரம் ஊறவைத்து நைஸாக அரையுங்கள். இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்தால் நறநறப்பு இருக்கக் கூடாது. தோசை மாவைவிடக் கொஞ்சம் தளர இருக்க வேண்டும். வாசலிலிருந்து பூஜை அறை வரைக்கும் இது தாராளமாகப் போதும். அன்றைக்குக் காலையில் தரையைத் துடைக்கும்போது ஃபினாயில் விடாமல் வெறும் தண்ணீரில் துடையுங்கள். அந்த வழுவழுப்பு இருந்தாலும் மாவு ஒட்டாது.

வெள்ளைத் தரையில் எடுப்பாகத் தெரிய வேண்டுமானால், பாதம் நன்றாகக் காய்ந்த பிறகு சுற்றிலும் காவியால் மெல்லிசாக ஒரு கோடு போடலாம். டைல்ஸ் இடுக்கில் மட்டும் காவி இறங்க விடாதீர்கள், போகாது. மார்பிள் தரை என்றால் காவியும் வேண்டாம், மஞ்சளும் வேண்டாம், இரண்டுமே கறையாக நின்றுவிடும்.

திருச்சி வாசகி: கைமுஷ்டியை மாவுல தோய்ச்சு வெச்சா பாதம் வரும்ல? வலது கையாலயே ரெண்டு பாதமும் வெச்சுடலாம், கையைத் திருப்பி வெச்சா இடது பாதம் ஆயிடும்னு எங்க ஓரகத்தி சொல்றா. சரிதானே?

முஷ்டி சரி, திருப்புவது சரியில்லை. வலது முஷ்டியைச் சுண்டுவிரல் பக்கம் கீழே இருக்கும்படி வைத்துப் பாருங்கள். உள்ளங்கைப் பக்கத்தில், அதாவது இடது பக்கத்தில், ஒரு குழிவு விழும். பாதத்தின் உள்வளைவு அதுதான். அதனால் வலது முஷ்டி வலது பாதத்தைத்தான் தரும். கையைத் திருப்பி வைத்தால் அதே வலது பாதம் எதிர்த்திசையில் நடக்கும், கண்ணன் வீட்டை விட்டுப் போவது போல. இடது பாதத்துக்கு இடது முஷ்டிதான் வேண்டும்.

கட்டைவிரலைக் குழிவு இருக்கிற பக்கத்தில் உங்கள் கட்டைவிரல் நுனியால் வையுங்கள். மற்ற நான்கையும் சுண்டுவிரல் நுனியால், வெளிப்பக்கம் போகப் போகச் சின்னதாக வையுங்கள். கட்டைவிரல் வெளிப்பக்கம் போய்விட்டால் இரண்டு காலும் மாறிப்போனதாகத் தெரியும். பார்த்தவுடன் கண்ணில் படுகிற பிழை அது. இரண்டு பாதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் ஜோடியாக வைக்க வேண்டாம், குழந்தை தத்தித் தத்தி நடக்கிற மாதிரி ஒரு சாண் இடைவெளியில் மாற்றி மாற்றி வையுங்கள்.

வாசலில் ஆரம்பித்து உள்ளே போனால் வைத்ததை நீங்களே மிதிப்பீர்கள், அல்லது விரல்கள் வெளியே பார்த்துவிடும். பூஜை அறையில் ஆரம்பியுங்கள். சுவாமியைப் பார்த்து உட்கார்ந்து, வாசலை நோக்கிப் பின்னாலேயே நகர்ந்து வாருங்கள். மணிக்கட்டு வாசல் பக்கம், விரல்கள் சுவாமி பக்கம்.

இடது கையை இதற்குப் பயன்படுத்தலாமா என்பதில் பெரியவர்களே ஒரே மாதிரி சொல்வதில்லை. கூடாது என்கிற வீட்டில் வலது கையாலேயே கோலமாவில் எட்டு மாதிரி இழுத்து, ஐந்து புள்ளி வைத்துவிடுகிறார்கள். அதுவும் அழகுதான்.

கோவை வாசகர்: ராத்திரி 12 மணிக்குப் பூஜை என்கிறார்கள். காலண்டரில் அஷ்டமி போட்டிருக்கிற நாளின் ராத்திரியா, முதல் நாள் ராத்திரியா? கடிகாரத்தில் 12 அடித்ததும் ஆரம்பிக்க வேண்டுமா?

ராத்திரியின் சரிபாதிதான் கணக்கு, கடிகாரத்து 12 இல்லை. ஆவணி ஒட்டி அந்த நடுப்புள்ளி சென்னையில் சுமார் 12.13, உங்கள் கோவையில் 12.25 வாக்கில் வரும். அதற்கு முன்னும் பின்னுமாக முக்கால் மணி நேரம் நிசீத காலம். 12.05-க்கு ஆரம்பித்து 12.45-க்குள் முடித்தால் உங்களுக்குப் பொருத்தமாக இருக்கும்.

எந்த ராத்திரி என்பதற்கு 2025-ஐ எடுத்துக்கொள்வோம். திருக்கணிதப்படி ஆகஸ்ட் 15 வெள்ளி இரவு 11.50 வாக்கில் அஷ்டமி பிறந்து, 16 சனி இரவு 9.35 வாக்கில் முடிந்துவிட்டது. நடுநிசியில் அஷ்டமி இருந்தது வெள்ளிக்கிழமை ராத்திரிதான், சனிக்கிழமை நடுநிசியில் நவமி. ஆனால் காலண்டரில் 16 என்றுதான் இருந்தது, பெரும்பாலான வீடுகளில் சனிக்கிழமை சாயங்காலம் விளக்கேற்றிக் கொண்டாடினார்கள். சாயங்காலப் பூஜைக்கு அது சரி. நடுநிசியில்தான் செய்வேன் என்றால் முதல் நாள் ராத்திரியையும் பஞ்சாங்கத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஸ்ரீரங்கம் வாசகர்: குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். வைணவர்களான எங்கள் கணக்கில் அந்த ஆகஸ்ட் 16 இன்னும் ஆடி மாதம். ஆவணியில் ரோகிணியும் அஷ்டமியும் கூடி வர வேண்டும். அதனால் 2025-ல் ஸ்ரீஜயந்தி செப்டம்பர் நடுவில்தான் வந்தது. எல்லாருக்கும் ஒரே தேதி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

நல்ல சமயத்தில் சொன்னீர்கள். ஆவணி 1 பிறந்ததே ஆகஸ்ட் 17-ல்தான், அதனால்தான் ஒரு மாத வித்தியாசம். வைணவர்களுக்குள்ளேயே சம்பிரதாயத்தைப் பொறுத்து ஒரு நாள் முன்பின் ஆவதும் உண்டு. கோவை வாசகர், உங்கள் வீட்டுப் பெரியவர்கள் எந்தக் கணக்கில் செய்தார்களோ அதையே தொடருங்கள். அந்தச் சண்டையை நான் தீர்த்துவைக்க முடியாது.

வேளச்சேரி வாசகி: ரெண்டு ரூம் ஃப்ளாட். குழந்தைக்கு மூணு வயசு, ஒன்பது மணிக்குத் தூங்கிடுவா. நடுராத்திரி பூஜையை எளிமையா எப்படிப் பண்றது?

நாளை இரண்டாகப் பிரித்துவிடுங்கள். குழந்தைக்கு வேஷம், பாதம், பட்சணம், பாட்டு எல்லாம் சாயங்காலம் 6 மணிக்கு. நடுநிசிக்கு கண்ணன் பிறப்பு மட்டும். தூங்குகிற குழந்தையை எழுப்பி உட்காரவைத்தால் அழும், பூஜையும் நிற்கும்.

இருட்டுவதற்கு முன்பே துளசி பறித்து ஈரத்துணியில் சுற்றி வையுங்கள். அஸ்தமனத்துக்குப் பிறகு துளசி பறிக்கக் கூடாது என்பார்கள், பல வீடுகளில் 12 மணிக்குத்தான் ஞாபகம் வரும். உப்பில்லாத வெள்ளை வெண்ணெயை ஃபிரிட்ஜிலேயே வைத்திருந்து நைவேத்தியத்தின்போது எடுங்கள். விளக்குப் பக்கத்தில் முன்னாடியே வைத்தால் உருகி ஓடிவிடும். கடையில் மஞ்சளாக வருவது பெரும்பாலும் உப்புப் போட்டது.

உலோகத்தில் தவழும் கண்ணன் இருந்தால் 11.50-க்குத் தாம்பாளத்தில் வைத்து முதலில் தண்ணீர், அப்புறம் கால் டம்ளர் பால், கடைசியில் மறுபடி நிறையத் தண்ணீர். பால் இடுக்கில் தங்கினால் மறுநாள் வாடை வரும், வெதுவெதுப்பான தண்ணீரில் அலசுங்கள். மண்பொம்மைக்கு அபிஷேகம் செய்யாதீர்கள், வர்ணம் கரைந்துவிடும். அதற்குப் பூவால் தண்ணீர் தெளித்தால் போதும். துடைத்து, வஸ்திரம் சாற்றி, தொட்டிலில் விட்டு, துளசியால் அர்ச்சனை. பிறகு வெண்ணெய், அவல், சுக்கு வெல்லம். சுக்கு பிள்ளை பெற்ற தேவகிக்கு. தொட்டிலை ஆட்டி, தாலாட்டாகப் பெரியாழ்வார் பாசுரம் ஒன்று, கற்பூரம், அவ்வளவுதான். நாற்பது நிமிஷம். அடுத்த வீட்டுக்காரர்கள் தூங்குவார்கள், மணியை ஒரு தடவை மெதுவாக அடித்தால் போதும்.

மதுரை வாசகர்: சந்திரனுக்கு அர்க்கியம் விட மாடிக்குப் போனோம், நிலாவையே காணோம். மேகமும் இல்லை. நாள் தப்பா?

நாள் தப்பில்லை. தேய்பிறை அஷ்டமியில் நிலா உதிப்பதே நடுநிசியை ஒட்டித்தான். தொடுவானத்தை விட்டுக் கொஞ்சம் மேலே வர இன்னும் நேரமாகும், கிழக்கே கட்டிடம் இருந்தால் ஒரு மணிக்கு மேல்தான் தெரியும். கிழக்கு நோக்கிப் பாலும் தண்ணீரும் கலந்து விட்டுவிட்டு வந்துவிடலாம், நிலாவைப் பார்த்தபின்தான் என்கிற வழக்கம் உங்கள் வீட்டில் இருந்தால் காத்திருங்கள்.

கும்பகோணம் பாட்டி: பேரனுக்கு ஒன்றரை வயசு. கிருஷ்ணன்னா நீலமாத்தானே இருக்கணும்? சொட்டு நீலத்தைத் தண்ணியில கரைச்சு உடம்புல தடவலாம்னு இருக்கேன்.

வேண்டவே வேண்டாம் பாட்டி. அது துணிக்கு உள்ளது. பிஞ்சுத் தோலில் எரிச்சல் வரும், கறை போக நாளாகும், கையை வாயில் வேறு வைப்பான். ஒன்றரை வயசுக்கு எந்தப் பூச்சும் தேவையில்லை. நெற்றியில் நாமம், கன்னத்தில் ஒரு திருஷ்டிப் பொட்டு, மஞ்சள் பஞ்சகச்சம், தலையில் பீலி இருந்தாலே கண்ணன்தான். நாலைந்து வயசுப் பிள்ளைகள் கேட்டால், குழந்தைகளுக்கென்றே விற்கிற, தண்ணீரில் கரையும் முகப்பூச்சை முதல் நாளே முழங்கையின் உள்பக்கம் தடவிப் பாருங்கள். மறுநாள் சிவக்காமல் இருந்தால் போடலாம், கண்ணைச் சுற்றி விட்டுவிடுங்கள்.

பஞ்சகச்சம் இடுப்பில் எலாஸ்டிக் வைத்துத் தைத்ததாக இருக்கட்டும், உள்ளே டயப்பர் இருக்கும் என்பதால் ஒரு அளவு பெரிதாக வாங்குங்கள். ஊக்கு குத்தாதீர்கள். மயில்பீலியை முழு நீளமாக வைத்தால் கனத்தில் பின்னால் சாய்ந்து தலைப்பட்டையையும் இழுக்கும், குழந்தை பிடுங்கிப் போடும். பீலியின் கண்ணுக்குக் கீழே நாலு விரல் நீளம் விட்டு வெட்டி, கூரான தண்டு நுனியைத் துணியில் சுற்றித் துணிப்பட்டையில் தைத்துவிடுங்கள். பசை போட்டு ஒட்டினால் வியர்வையில் விட்டுவிடும். சின்ன மணிமாலை கழுத்தில் வேண்டாம், அறுந்தால் நேரே வாய்க்குத்தான் போகும், துளசி இலையைத் துணி நாடாவில் கோத்துப் போடுங்கள். புல்லாங்குழலை ஃபோட்டோவுக்கு மட்டும் கொடுத்து வாங்கிவிடுங்கள், அதை வைத்துக்கொண்டு ஓடி விழுந்தால் வாயில் குத்தும்.

சேலம் வாசகி: பாதத்துக்கு அரைச்ச மாவு நிறைய மீந்துபோச்சு. அதுலயே சீடை உருட்டிடலாமா? எனக்குச் சீடை எப்பவும் வெடிக்குது, அதுக்கும் வழி சொல்லுங்க.

கை தோய்த்த மாவு நைவேத்தியத்துக்கு ஆகாது. ஆகும் என்றாலும் அந்த ஈரமாவில் சீடை வராது. வெடிப்பதற்குக் காரணமே உள்ளே மாட்டிக்கொண்ட ஈரம்தான். மேல்தோல் எண்ணெயில் சட்டென்று இறுகி, உள்ளே ஆவி போக வழியில்லாமல் வெடிக்கும். பச்சரிசியை ஊறவைத்து நிழலில் உலர்த்தி இடித்து, வெறும் வாணலியில் கோலம் இழுக்க வரும் பதத்துக்கு வறுத்து, இரண்டு தடவை சலியுங்கள். உப்பைத் தண்ணீரில் கரைத்துச் சேருங்கள். தேங்காய்த் துருவல் போட்டால் அதையும் வறுத்துக்கொள்ளுங்கள். அழுத்தி வழவழவென்று உருட்டாமல் தளர உருட்டி, துணியில் அரை மணி நேரம் ஆறவிட்டு, ஊசியால் ஒரு குத்து குத்தி, மிதமான தீயில் முதலில் நாலைந்து உருண்டை மட்டும் போட்டு, கொஞ்சம் தள்ளி நின்று பாருங்கள். மீந்த கோலமாவைத் தண்ணீர் விட்டுக் கரைத்து நாளைக்கு வாசலில் இழைக்கோலமாகப் போட்டுவிடுங்கள், ராத்திரி ஃபிரிட்ஜில் வைத்தால் புளிக்காது.