பிரிப்பது அண்ணனாகட்டும், வாய் திறக்காமல் இருப்பது நீங்களாக இருங்கள்

கேள்வி: அப்பா எனக்கும் அண்ணனுக்கும் ஒரு வீடு, ஒரு நிலம், கொஞ்சம் சேமிப்பு விட்டுச் சென்றிருக்கிறார். "நான் இரண்டாகப் பிரிக்கிறேன், உனக்குப் பிடித்த பங்கை நீ எடு" என்கிறார் அண்ணன். ஒப்புக்கொள்ளலாமா?

பதில்: ஒப்புக்கொள்ளலாம். ஆனால் உங்களுக்கு எது வேண்டும் என்று அவருக்குத் தெரியாதிருக்கும்வரைதான் இந்த முறை உங்கள் பக்கம் சாய்ந்திருக்கும்.

மொத்தச் சொத்தின் மதிப்பை 100 என்று கொள்வோம். உங்கள் மனக்கணக்கில் வீட்டுக்கு 60, நிலத்துக்கு 25, சேமிப்புக்கு 15. அண்ணனுக்கோ வீடு 35, நிலம் 50, சேமிப்பு 15. உங்கள் மனம் தெரியாத நிலையில், எந்தப் பங்கு மிஞ்சினாலும் தமக்கு 50 கிடைக்கும்படி நிலத்தை ஒருபுறமும், வீட்டையும் சேமிப்பையும் மறுபுறமும் அவர் வைப்பார். நீங்கள் வீட்டையும் சேமிப்பையும் எடுத்து 75 பெறுவீர்கள். வீட்டின்மேல் உங்களுக்கு ஆசை என்று தெரிந்துவிட்டாலோ, வீட்டைத் தனியே வைத்து, நிலத்தோடு சேமிப்பைச் சேர்த்துவிடுவார். அப்போதும் நீங்கள் வீட்டைத்தான் எடுப்பீர்கள். உங்களுக்கு 60, அவருக்கு 65. யாரும் பாதிக்குக் கீழே போகவில்லை, ஆனால் உங்களிடமிருந்த 15 அவர் பக்கம் நகர்ந்துவிட்டது.

ஆகவே, "இருவரிடமும் பேசிச் சுமுகமாக முடித்துத் தருகிறேன்" என்று வந்து, முதல் கேள்வியாக "உங்களுக்கு எதில் விருப்பம்?" என்று கேட்கும் தரகரை வாசலிலேயே நிறுத்துங்கள். உங்கள் பதில் அன்று மாலையே மறுபக்கம் போய்ச் சேரும். அதற்கும் அவர் கூலி வாங்குவார். இந்த முறைக்குச் சந்தை மதிப்பே தேவையில்லை என்பதால், மதிப்பீட்டுச் சான்று வாங்கித் தருவதாகச் சொல்பவரும் தேவையில்லை. அண்ணனுக்கு உங்கள் மனம் ஏற்கெனவே தெரியும், அவர் மனமும் உங்களுக்குத் தெரியும் என்றால், பிரிக்கும் வேலையை நீங்களே கேட்டு வாங்குங்கள். எது மிஞ்சினாலும் அதிகம் வருந்தாதபடி, உங்கள் கணக்கில் முடிந்தவரை சரிபாதியாகப் பிரியுங்கள்.

ஒரே ஒரு விதிவிலக்கை விரிவாகச் சொல்ல வேண்டும். பிரிக்க முடியாத ஒரு வீடு மட்டும் இருந்தால், ஒருவர் பாதிப் பங்குக்கு விலை சொல்வார். அந்த விலைக்கு வாங்குவதா விற்பதா என்பதை மற்றவர் முடிவு செய்வார். கேட்க நியாயமாக இருக்கும். ஆனால் உங்கள் கையில் பணமில்லை என்று விலை சொல்பவருக்குத் தெரிந்தால், 50 பெறுமான பாதிக்கு 35 என்பார். வாங்க வழியில்லாத நீங்கள் விற்றுத்தான் ஆக வேண்டும், தேர்வு என்பது பெயரளவில்தான் இருக்கும். ஆகவே, விலை சொல்லப்படும் முன்பே, பணம் கட்டச் சில மாத அவகாசம் உண்டு, கடன் வாங்கியோ தவணையிலோ கட்டலாம் என்று எழுதி, இருவரும் கையெழுத்திட்டு வையுங்கள். விலை வந்த பிறகு அவகாசம் கேட்டால் யாரும் தர மாட்டார்கள்.

"சமபங்கு" என்று ஒரு சொல்லை எழுதிவிட்டு, எப்படிப் பிரிப்பது என்பதைக் குடும்பத்தின் தலையில் கட்டும் ஆவணங்களைப் பார்த்துப் பார்த்து எனக்குப் பொறுமை போய்விட்டது. நீதிமன்றத்துக்குப் போனால் பல ஆண்டுகள் ஓடி, கடைசியில் வீட்டை விற்றுப் பணத்தைப் பிரிக்கச் சொல்லிவிடலாம். நீங்கள் 60 என்று மதித்த வீடு அப்போது யாரோ ஒருவருக்குப் போகலாம். அதைவிட, இந்த வாரமே அண்ணனிடம் சொத்தைப் பிரித்து வைக்கச் சொல்லுங்கள்; வீட்டைப் பற்றி அதுவரை ஒரு வார்த்தையும் பேசாதீர்கள்.