60 வயது வரை கூட்டிக் காட்டும் கணக்கை நம்பலாமா?

"என் மகளுக்கு 18 வயது. பள்ளி முடித்த கையோடு ஒரு நல்ல வேலை வந்திருக்கிறது. ஆனால் 4 வருடப் பட்டப்படிப்புக்குச் சேர்க்கச் சொல்கிறார் ஒரு ஆலோசகர். வருட ஃபீஸ், அந்த வேலையின் வருடச் சம்பளத்தில் 40 சதவீதம். படித்து முடித்தால் ஒன்றரை மடங்கு சம்பளமாம். ஃபீஸ் போக, 60 வயதுக்குள் 13 வருடச் சம்பளத்துக்கு மேல் கூடுதலாக வருமாம். கடன் வாங்கியாவது சேர்க்கலாமா?"

அவர் சொல்லும் 13 வருடச் சம்பளம், இன்றைய மதிப்பில் ஏறக்குறைய 2 வருடச் சம்பளம்தான். அதுவும் பட்டம் வாங்கியவுடன் வேலை கிடைத்தால். எப்படி என்று சொல்கிறேன்.

இப்போது வந்திருக்கும் வேலையின் வருடச் சம்பளத்தை 100 என்று வைத்துக்கொள்வோம். விலைவாசி ஏறுவதால் வரும் சம்பள உயர்வை இரண்டு பக்கமும் விட்டுவிடுவோம். வேலைக்குப் போனால் 42 வருடம், மொத்தம் 4200. படித்தால் 38 வருடம் 150 வீதம் 5700. அதில் ஃபீஸ் 160 போனால் 5540. வித்தியாசம் 1340. கூட்டலில் தப்பில்லை. 22 வயதில் வரும் பணத்தையும் 59 வயதில் வரும் பணத்தையும் ஒரே எடையில் போட்டதுதான் தப்பு.

இன்று கையில் இருக்கும் பணம் வட்டி ஈட்டும். விலைவாசி போக 5 சதவீதம் வட்டி என்று வைத்தால், இன்று 7-க்கும் குறைவாகப் போட்டு வைத்தாலே 41 வருடத்தில் 50 ஆகிவிடும். அப்படியானால் உங்கள் மகளுக்கு 59 வயதில் கூடுதலாக வரும் 50-க்கு இன்றைய மதிப்பு 7 கூட இல்லை. ஒவ்வொரு வருடப் பணத்தையும் இப்படிச் சுருக்கி இன்றைக்குக் கொண்டுவந்த பிறகுதான் கூட்ட வேண்டும்.

செலவுப் பக்கம் அதிகம் சுருங்காது, ஏனென்றால் அது முதல் 4 வருடத்திலேயே வந்துவிடுகிறது. ஆலோசகர்கள் ஃபீஸை மட்டும் செலவு என்பார்கள். படிக்கும் காலத்தில் கைவிடும் சம்பளம் அதைவிடப் பெரிது. பொருளாதார அறிஞர் தியோடர் ஷுல்ட்ஸ் 1960-லேயே அமெரிக்கக் கணக்கை எடுத்து, கல்லூரிக் கல்வியின் செலவில் பாதிக்கு மேல் மாணவர்கள் கைவிடும் சம்பளம்தான் என்று காட்டினார். இத்தனை வருடம் கழித்தும் விளம்பரத்தாளில் அந்த வரி வருவதில்லை. உங்கள் மகளுக்கு வருடச் செலவு 40 அல்ல, 140. நான்கு வருடத்துக்கு இன்றைய மதிப்பில் சுமார் 521. பிறகு 38 வருடம் வரும் கூடுதல் 50-களின் இன்றைய மதிப்பு சுமார் 728. மிச்சம் 207. நான் சொன்ன 2 வருடச் சம்பளம் இதுதான்.

இதைக் கையால் போட வேண்டாம். கணினி அட்டவணையில் B2 முதல் B5 வரை -140, B6 முதல் B43 வரை 50 என்று நிரப்பிவிட்டு இரண்டு சூத்திரம் போடுங்கள். முதலாவது அந்த 207-ஐத் தரும், இரண்டாவது லாபமும் நஷ்டமும் இல்லாமல் போகும் வட்டியைத் தரும்:

```
=B2+NPV(5%,B3:B43)
=IRR(B2:B43)
```

B2-வைத் தனியே எழுதியிருப்பதைக் கவனியுங்கள். NPV தனக்குக் கொடுக்கும் முதல் எண்ணை ஒரு வருடம் கழித்து வருவதாக எடுத்துக்கொள்ளும். முதல் வருடச் செலவு இப்போதே வருகிறதல்லவா, அதை வெளியே வைத்தால்தான் விடை சரியாக வரும்.

இரண்டாவது சூத்திரம் தரும் விடை கிட்டத்தட்ட 7.5 சதவீதம். உங்களுக்கு முக்கியமான எண் அதுதான். விலைவாசி போக உங்கள் பணத்தின் வட்டி அதற்குக் கீழே இருந்தால் படிப்பு லாபம், மேலே போனால் நஷ்டம். பெரும்பகுதி கடனில்தான் நடக்கும் என்றால் கடன் வட்டியோடு ஒப்பிடுங்கள். கடன் வட்டி 11, விலைவாசி ஏற்றம் 5 என்றால் நிஜ வட்டி 6-க்குச் சற்றுக் குறைவு, தாங்கும். அதே கடன் 14 சதவீதம் என்றால் நிஜ வட்டி எட்டரையைத் தாண்டும், தாங்காது.

இந்த இடத்தில்தான் இடைத்தரகர்கள் விளையாடுகிறார்கள். சம்பளத்தைக் காட்டும்போது விலைவாசியோடு சேர்த்து ஊதிப்போன எண்ணைக் காட்டுவார்கள்; வட்டியைச் சொல்லும்போது விலைவாசி கழித்த சின்ன எண்ணைச் சொல்வார்கள். இரண்டும் ஒரே வகையாக இருக்க வேண்டும். கடனைப் பற்றிக் கேட்டால் மாதத் தவணையைச் சொல்வார்கள், வருட வட்டியைச் சொல்ல மாட்டார்கள். சேர்த்துவிட்டால் அவருக்குக் கமிஷன் உண்டா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை.

அப்புறம், அந்த ஒன்றரை மடங்கு. பட்டதாரிகளின் சராசரியையும் பட்டம் இல்லாதவர்களின் சராசரியையும் ஒப்பிட்டு வந்த எண்ணாகத்தான் இருக்கும். உங்கள் மகளுக்குப் படிக்காமலே நல்ல வேலை வந்திருக்கிறது. அவளை அந்தச் சராசரியோடு சேர்க்க முடியாது. பட்டத்தால் அவளுக்குக் கூடுவது 50 அல்ல, 35 என்று வைத்தால் அந்த 207 மறைந்து, கணக்கு பூஜ்யத்துக்குக் கீழே, சுமார் 11 நஷ்டத்துக்கு இறங்கிவிடுகிறது.

எல்லாவற்றையும்விட என்னை உறுத்துவது வேறு. பட்டம் வாங்கிய மறுநாளே வேலை என்று மேலே வைத்தோம். வேலை கிடைக்க ஒரு வருடம் ஆனால்? அந்த வருடம் 150 வராது. படிக்காமல் இருந்திருந்தால் வந்திருக்கும் 100-ம் வராது, அது ஏற்கெனவே கைவிட்டது. கணக்கில் அந்த வருடத்தின் +50 போய் -100 வந்து உட்காரும். இன்றைய மதிப்பில் 123 நஷ்டம். 207 இருந்தது 84 ஆகிறது. இரண்டு வருடம் ஆனால் இன்னொரு 118 போய், மொத்தமே பூஜ்யத்துக்குக் கீழே, 34 நஷ்டத்தில் நிற்கிறது. 42 வருடத்தில் 2 வருடம்தானே என்று தோன்றும். ஆனால் அவை ஆரம்ப வருடங்கள், அதிகம் சுருங்காதவை. கடைசியில் 2 வருடம் குறைந்தால் 207-ல் 14-தான் குறையும். ஒரு பாடத்தில் தோற்று ஒரு வருடம் கூடுதலாகப் படித்தாலோ இதைவிட மோசம், அந்த வருடத்துக்கு ஃபீஸும் சேரும்.

இவ்வளவு தூரம் விடையைப் புரட்டும் ஒரு எண்ணைப் பல கல்லூரிகள் ஏன் வெளியிடுவதில்லை? அதிகபட்சச் சம்பளம் வாங்கிய ஒரு மாணவரின் படத்தைப் பெரிதாகப் போடுகிறார்கள். வேலைக்குக் காத்திருந்தவர்களின் எண்ணிக்கை அந்த விளம்பரத்தில் இல்லை. கேட்கும் அதிகாரம் உள்ளவர்கள் கேட்பதில்லை, பெற்றோர் கேட்டால் அலைக்கழிக்கிறார்கள். பல வருடமாக இதையே பார்த்துப் பார்த்து எனக்குப் பொறுமை போய்விட்டது.

ஆகவே அந்தக் கல்லூரியிடம் மூன்று கேள்வி கேளுங்கள். சேர்ந்தவர்களில் குறித்த காலத்தில் முடித்தவர்கள் எத்தனை பேர்? முடித்தவர்கள் வேலைக்குச் சேர எத்தனை மாதம் ஆயிற்று? வரிசைப்படுத்தினால் சரியாக நடுவில் வருகிறவரின் சம்பளம் என்ன? பதில்களை B பத்தியில் போட்டு இரண்டு சூத்திரத்தையும் மறுபடி ஓட்டுங்கள். எழுத்தில் பதில் தராவிட்டால், வேலை கிடைக்க ஒரு வருடம், கூடுதல் சம்பளம் 35 என்றே வைத்துப் போடுங்கள். அதற்கு வரும் விடை நஷ்டம்தான். அந்தக் கல்லூரிக்காகக் கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.