வட்டி, வாடகை, பங்கு லாபம்: ரிட்டர்னில் எதை எழுதுவது?

(2024-25 நிதியாண்டு, புதிய வரிமுறை)

பள்ளி ஆசிரியை: எஃப்டி வட்டி 45,000. டிடிஎஸ் 4,500 போக 40,500தான் கணக்குல விழுந்துச்சு. வாடகை மாசம் 12,000. ஃபார்ம் 16ல சம்பளம் 9 லட்சம் மட்டும்தான் இருக்கு. என்ன போடணும் சார்?

வட்டிக்கு 45,000 போடுங்க மேடம். பிடிச்ச 4,500 உங்க பேர்ல கட்டின வரி, அது தனியா கழியும். 40,500ன்னு போட்டுட்டு 4,500ஐயும் கேட்டா கணக்கு இடிக்கும்.

வாடகை 1,44,000. வீட்டு வரி 4,000 நீங்களே கட்டியிருந்தா 1,40,000. அதுல 30 சதவீதம், அதாவது 42,000, பில் எதுவும் இல்லாம கழியும். மீதி 98,000 வருமானம். வெள்ளையடிச்ச செலவு அந்த 30க்குள்ளயே அடங்கிடும், தனியா கழிக்க முடியாது.

சம்பளத்துல 75,000 நிலைக்கழிவு போக எல்லாம் சேர்த்தா 9,68,000. சம்பளத்துக்கான வரியை அலுவலகமே பிடிச்சிருக்கும். வட்டியும் வாடகையும் 10 சதவீத அடுக்குல விழுது: அதுக்கு வரி 14,300, செஸ்ஸோட 14,872. டிடிஎஸ் போக 10,372 கட்டணும். கவனிக்க வேண்டிய இடம் இதுதான். பாக்கி 10,000ஐத் தொட்டா முன்கூட்டியே தவணையா கட்டியிருக்கணும், இல்லேன்னா வட்டி ஏறும். அடுத்த வருஷம் வாடகையை அலுவலகத்துல சொல்லிடுங்க, சம்பளத்துலயே பிடிச்சுடுவாங்க.

ஓர் அண்ணன்: இவ்வளவு எதுக்கு? வரித்துறை தளத்துல நம்ம வருமானத்தைக் காட்டுற AIS அறிக்கையில இருக்கறதை அப்படியே போடுங்க. எனக்கு மூணு வருஷமா நோட்டீஸே இல்லை.

வட்டிக்கு அது பெரும்பாலும் சரிதான் அண்ணே. ஆனா 12,000 வாடகை தர்ற குடித்தனக்காரர் டிடிஎஸ் பிடிக்க மாட்டார், அதனால அது அங்க தெரியாமலே போகலாம். தெரியலைங்கறதால வருமானம் இல்லைன்னு ஆகாது. பங்கு விற்பனைக்கும் வாங்கின விலையை புரோக்கர் தர்ற அறிக்கையோட ஒத்துப் பாருங்க.

ஓய்வுபெற்றவர்: எனக்கும் இதே டிடிஎஸ் பிரச்சினைதான். என் பணத்தை மனைவி பேர்ல போட்டேன், அவங்களுக்கு வேற வருமானம் இல்லை. ரீஃபண்ட் வருமா?

இது வேற விஷயம் ஐயா. நீங்க சும்மா கொடுத்த பணத்துல வர்ற வட்டி உங்க வருமானத்தோடதான் சேரும். அவங்க பேர்ல ரிட்டர்ன் போட்டு திரும்ப வாங்கறது சரியில்லை.

ஐடி ஊழியர்: ஷேர்ல லாபம் வெறும் 8,000. ITR-1 போதும்ல? மொத்தமே 7 லட்சத்துக்குள்ள, தள்ளுபடியும் உண்டுதானே?

எத்தனை நாள் வச்சிருந்தீங்க தம்பி? பட்டியலிட்ட பங்கை ஓராண்டுக்கு மேல வச்சிருந்து வித்து, லாபம் 1,25,000க்குள்ள இருந்தா, பழைய நஷ்டம் எதையும் கொண்டுவராத பட்சத்துல ITR-1 போதும், வரியும் இல்லை. ஓராண்டுக்குள்ள வித்திருந்தா ஒரு ரூபாய் லாபமா இருந்தாலும் ITR-2தான். 2024 ஜூலை 23 முதல் வித்ததுக்கு 20 சதவீதம், அதுக்கு முந்தி 15.

நீங்க கேட்ட தள்ளுபடி 87A பிரிவுல வருது. அந்தக் குறுகியகால லாபத்துக்கு அது உண்டாங்கறதுல 2024-25 கணக்குக்கு வாதம் ஓயலை. வழக்காடினவங்க இருக்காங்க. 2025-26 முதல் கிடையாதுன்னு சட்டமே சொல்லிடுச்சு. 20 சதவீதம்னா 8,000க்கு வரி செஸ்ஸோட 1,664 ரூபாய். நானா இருந்தா கட்டிடுவேன்.

ஐடி ஊழியர்: நான் கேட்டுப் பார்க்கறேன் சார்.