ஒரே பாய்ச்சற் கோட்டுப்படம், ஆறு ஸ்லைட், ஒரு வளையம்

கேள்வி: தாளையடி நிலையத்தில் கடல்நீர் குடிநீராவதை யாழ்ப்பாணத்தில் உயர்தர மாணவர்களுக்கு விளக்க வேண்டும். ஒரே பாய்ச்சற் கோட்டுப்படத்தை ஆறு ஸ்லைட்டில் எப்படிப் பிரிப்பது? வெட்டிப் பார்த்தேன், பிள்ளைகள் தொடர்பை விட்டுவிடுகிறார்கள்.

பதில்: படத்தை வெட்டாதீர்கள். முழுப் படமும் ஆறு ஸ்லைட்டிலும் அதே இடத்தில், சாம்பல் நிறத்தில் இருக்கட்டும். அந்தந்தப் படிக்குரிய பகுதி மட்டும் நிறம் பெறட்டும். பெட்டி ஓர் அங்குலம் நகர்ந்தாலும் பிள்ளையின் கண் அதைப் புதிய படமாகவே எடுத்துக்கொள்ளும்.

இதற்குச் சாம்பல் படத்தை Slide Master இல் வையுங்கள். நிறப் பிரதியை ஒவ்வொரு ஸ்லைட்டிலும் ஒட்டினால் பழைய இடத்திலேயே வந்து அமரும். ஒரு பெட்டியின் பெயரைத் திருத்த நேர்ந்தால், மாஸ்டரையும் அந்தப் பெட்டி நிறம் பெறும் ஸ்லைட்டுகளையும் மட்டும் தொட்டால் போதும்.

நிறத்தைப் படிக்கு ஒன்றாக மாற்ற வேண்டாம். தாழ் அமுக்கம் நீலம், உயர் அமுக்கம் சிவப்பு. அம்புகளின் தடிப்பு நீரின் அளவைச் சொல்லட்டும்: 100 பங்குக்கு 10 புள்ளி, 60 க்கு 6, 40 க்கு 4.

முதல் ஸ்லைட் முழுப் படம். இரண்டாவதில் கடல்நீர் உள்ளே வந்து வடிகட்டப்படுகிறது. அங்கே குளோரீனை நீக்கும் மருந்தையும் குறியுங்கள், ஏனெனில் எஞ்சிய குளோரீன், உப்பைத் தடுத்து நீரை விடும் மென்சவ்வை அரித்துவிடும். மூன்றாவதுதான் இதயம். கடல்நீரின் பிரசாரண அமுக்கம் ஏறக்குறைய 27 பார். அதை வென்று போதிய நீரைப் பிழிந்தெடுக்க 60 பார் அளவுக்குத் தள்ள வேண்டியிருக்கிறது. இந்த வகை நிலையங்களில் பொதுவாக, 100 பங்கு நீர் மென்சவ்வுக்குள் போனால் 40 நன்னீராகும், 60 உப்புக் கரைசலாக வெளியேறும். நான்காவதில் நன்னீருக்குக் கனியுப்பும் குளோரீனும் சேர்த்து வீட்டுக் குழாய்க்கு அனுப்பிவிடலாம். இங்கே நேரம் செலவழிக்காதீர்கள்.

பிள்ளைகள் தொலைந்துபோவது பெரும்பாலும் அமுக்கம் திரும்பிவரும் வளையத்தில்தான். வெளியேறும் அந்த 60 பங்குக்கு இன்னும் 58 பார் அளவு அமுக்கம் இருக்கிறது. நிலையத்தில் அது மென்சவ்வுக்கு அடுத்தபடியாக அமுக்க மாற்றிக்குள் போகிறது. ஆனால் நீங்கள் குழாயின் வரிசையில் சொல்லாமல் அதை ஐந்தாவது ஸ்லைட்டுக்கு ஒதுக்குங்கள். நேர்கோடு மனதில் படிந்த பிறகே திரும்பும் அம்பு பொருள் தரும். நிறம் ஏற்றுவதற்கு முன், “இந்த அமுக்கத்தைக் கடலில் கொட்டிவிடலாமா?” என்று கேளுங்கள். பிறகு, உப்புக் கரைசல் தன் அமுக்கத்தை உள்ளே வரும் 60 பங்கு புதிய கடல்நீருக்குக் கொடுப்பதைக் காட்டுங்கள். உயர் அமுக்கப் பம்பி மீதி 40 ஐ மட்டுமே தள்ளுகிறது, இடையில் இழந்த ஓரிரு பாரைச் சிறிய பம்பி ஒன்று ஈடுசெய்கிறது. மின்செலவு ஏன் குறைகிறது என்பதை யாரும் சொல்லித்தரத் தேவைப்படாது. ஆனால் மூன்றாவது ஸ்லைட்டில் 100 என்ற எண்ணைப் பம்பியருகே எழுதிவிட்டால் இந்த இடத்தில் மாட்டிக்கொள்வீர்கள். அது மென்சவ்வின் வாசலில்தான் இருக்க வேண்டும்.

ஆறாவது, எல்லாப் பகுதியும் நிறத்தோடு நிற்கும் முழுப் படம். அச்சிட்டுக் கொடுப்பதானால் இது ஒன்றே போதும். சாம்பலைச் சற்றுக் கடுமையாகவே வையுங்கள். வெளிச்சம் நிறைந்த வகுப்பறையில் புரொஜெக்டர் இளஞ்சாம்பலை வெள்ளையாக்கிவிடும்.