சிறுநீரகத்தை விடுங்கள், கெண்டைக்காலைப் பாருங்கள்

"வயது 44. பீடி சுற்றுகிறேன். பொழுது சாயும்போது இரண்டு கணுக்காலும் வீங்கிவிடுகின்றன, காலையில் வற்றிவிடுகின்றன. இரண்டு மாதமாக இரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் சாப்பிடுகிறேன். சிறுநீரகம் கெட்டால்தான் இப்படி வீங்கும் என்று வீடியோவில் சொல்கிறார்கள். பக்கத்து வீட்டு அக்கா கொடுத்த, நீர் பிரியும் மாத்திரையைப் போடலாமா?" – வாசகி, முக்கூடல்

போடாதீர்கள் அம்மா. அக்காவிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். சிறுநீரகக் கோளாறில் பெரும்பாலும் காலையில் கண் இமையும் முகமும் உப்பியிருக்கும், சிறுநீர் நுரைத்துப் போகும். சந்தேகம் தீர, சிறுநீரில் புரதமும் இரத்தத்தில் கிரியேட்டினினும் ஒருமுறை பார்த்தால் போதும். வீடியோ வேண்டாம்.

மடியில் சுளகை வைத்துக் காலை மடக்கி மணிக்கணக்கில் உட்கார்ந்தால் யாருக்கும் கால் வீங்கும். காலில் இறங்கிய இரத்தத்தை மேலே தள்ளுவது கெண்டைச் சதை. நடந்தால்தான் அது வேலை செய்யும். மணிக்கொரு தரம் எழுந்து முற்றம் வரை நடங்கள். போதாததற்கு அம்லோடிபின் வேறு. அது நுண்ணிய இரத்தக் குழாய்களை விரிப்பதால் நீர் கசிந்து கணுக்காலில் தங்குகிறது. நீர் மாத்திரை அதற்குப் பெரிதாக உதவாது. அம்லோடிபினை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். எழுதித் தந்த மருத்துவரிடம் சொன்னால் அளவைக் குறைப்பார், அல்லது மாற்றுவார். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்றால் இதயத்தையும் பார்க்க வேண்டும்.

எனக்குப் பயம் தருவது ஒற்றைக் கால் வீக்கம். அம்பாசமுத்திரம் பக்கத்துப் பெண் ஒருவர் கணுக்கால் முறிந்து மூன்று வாரம் மாவுக்கட்டில் இருந்தார். கட்டைப் பிரித்ததும் இடது கெண்டைக்கால் கனத்தது. 'கட்டுப் போட்ட கால் அப்படித்தான்' என்று நான்கு நாள் எண்ணெய் தேய்த்து உருவினார்கள். ஐந்தாம் நாள் என்னிடம் வந்தபோது தோல் பளபளவென்று சூடாக இருந்தது. முழங்காலுக்குக் கீழே துருத்தும் எலும்பு மேட்டிலிருந்து 10 செ.மீ. இறக்கி, தையல்காரர் டேப்பால் சுற்றளவை அளந்தேன். வலது 32, இடது 36. இந்த வித்தியாசம் 3 செ.மீ.யைத் தாண்டினாலே ஆழ்சிரையில் இரத்தம் உறைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். டாப்ளர் ஸ்கேனில் உறைகட்டி தொடை வரை ஏறியிருந்தது. அன்றே உறைவெதிர்ப்பு ஊசி, பிறகு மூன்று மாதம் மாத்திரை. உருவியதில் கட்டி பெயர்ந்து நுரையீரலை அடைக்காமல் விட்டது அவருடைய நல்ல நேரம்.

மாவுக்கட்டு, அறுவைச் சிகிச்சை, பிரசவம், கருத்தடை மாத்திரை, சென்னைக்கு இரவெல்லாம் பஸ் பயணம் இவற்றில் எதையாவது அடுத்து ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால், டேப்பில் 2 செ.மீ. வித்தியாசம்தான் காட்டினாலும் அன்றே போங்கள். தேய்க்கக் கூடாது. கூடவே திடீரென்று மூச்சு வாங்கினாலோ, மூச்சை இழுத்தால் நெஞ்சு குத்தினாலோ 108. பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனைக்குப் போனாலும் சரி, வேறெங்கு போனாலும் சரி, சீட்டு எழுதுபவரிடம் 'கால் வலி' என்று மொட்டையாகச் சொல்லாதீர்கள். 'ஒரு கால் மட்டும் வீங்கியிருக்கிறது, நேற்று முதல்' என்று சொல்லுங்கள்.